வெள்ளச் சேத க்ளெய்ம் மெயில்கள்: சப்ஜெக்ட் வரியும் குறிப்பு எண்ணும் போடும் முறை

டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் அரிசி ஆலைக்காரர்கள், நெல் கிடங்கு வைத்திருப்பவர்கள், உரக்கடைக்காரர்கள் என்று பலரும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மெயில் எழுத ஆரம்பிப்பார்கள். முதல் இரண்டு வாரம் ஒரு சிக்கலும் தெரியாது. மூன்றாவது மாதம் கம்பெனியிலிருந்து "ஸ்டாக் ரெஜிஸ்டர் இன்னும் வரவில்லை" என்று பதில் வரும்போது, அனுப்பியது நினைவிருக்கும், எந்த மெயிலில் எந்தத் தேதியில் யாருக்கு என்று மட்டும் தெரியாது.

ஆலை, கடை க்ளெய்ம்களின் மெயில் வேலையைப் பார்த்துக்கொடுப்பதால் இந்த இடத்தில் தடுமாறுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் இது. நீடாமங்கலம் பக்கத்து ஒரு தனி உரிமையாளர் ஆலையின் க்ளெய்மை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். வாய்க்கால் உடைத்துக்கொண்டு கிடங்குக்குள் தண்ணீர் வந்து, மூட்டை அடுக்குகளில் கீழ் இரண்டு வரிசை நனைந்துவிட்டது. எண்களும் தேதிகளும் எடுத்துக்காட்டுக்காகப் போட்டவை, உங்களுடையதை வைத்துப் படியுங்கள்.

## 1. எழுத உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

பாலிசி அட்டவணை, நஷ்டம் நடந்த தேதி, கம்பெனியின் க்ளெய்ம் பிரிவு மெயில் முகவரி, இந்த மூன்றும் வேண்டும். ஏஜென்டின் முகவரி மட்டும் போதாது. ஏஜென்டுக்கு அனுப்பியது கம்பெனிக்குத் தகவல் கொடுத்த கணக்கில் சேருமா என்று பின்னால் வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம்.

பாலிசி எண்ணில்தான் முதல் தவறு நடக்கிறது. பாலிசி வருடா வருடம் புதுப்பிக்கப்படும்போது எண்ணும் பெரும்பாலும் மாறிவிடும். நஷ்டம் நடந்த நாளில் எந்தப் பாலிசி நடப்பில் இருந்ததோ அதன் எண்தான் வேண்டும். நவம்பரில் வெள்ளம், டிசம்பரில் புதுப்பித்தல் என்றால் மேஜையில் மேலே கிடப்பது புதுப் பாலிசியாக இருக்கும், அந்த எண்ணைப் போட்டு அனுப்பிவிடுவார்கள். "நஷ்டத் தேதி பாலிசி காலத்துக்குள் இல்லை" என்று பதில் வந்து நிற்கும்.

இன்னொன்று, ஸ்டாக்குக்கு பேங்க் எடுத்துக் கொடுத்த பாலிசி தனியாகவும், கட்டடம், மெஷினுக்கு வேறொரு பாலிசியும் இருந்தால் அவை இரண்டு க்ளெய்ம்கள். வெள்ளம் ஒன்றுதானே என்று இரண்டு எண்களையும் ஒரே சப்ஜெக்ட்டில் போடாதீர்கள். அங்கே இரண்டு ஃபைல் இருக்கும், உங்கள் மெயில் அதில் ஒன்றில் மட்டும் போய்ச் சேரும், மற்றதில் காலியாக இருக்கும்.

## 2. உங்களுக்கென்று ஒரு குறி

கம்பெனியின் க்ளெய்ம் எண் முதல் நாளில் கிடைக்காது. நீங்கள் தகவல் கொடுத்து, அவர்கள் பதிவு செய்த பிறகுதான் வரும். அப்புறம் சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் அவர் ஃபைலுக்கு ஒரு எண் போடுவார். கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை மெயிலுக்கு எழுதினால் தானாக ஒரு டிக்கெட் எண் வரும். பேங்க் தன் கடன் எண்ணைப் போட்டு எழுதும். இத்தனை எண்களையும் கட்டிப்போட, முதல் மெயிலிலிருந்து கடைசி மெயில் வரை மாறாத ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும்.

நம் எடுத்துக்காட்டில் அந்தக் குறி `NDMFL2411`. ஊர், நஷ்டத்தின் வகை, வருடம், மாதம், அவ்வளவுதான். முக்கியமான விஷயம், இதை இடைவெளி, கோடு, புள்ளி எதுவும் இல்லாமல் ஒரே சொல்லாக எழுதுவது. ஜிமெயில் தேடலில் சொல்லின் ஒரு துண்டைப் போட்டுத் தேடினால் கிடைக்காது. `440224005173` என்ற எண்ணைக் கண்டுபிடிக்க `5173` என்று தேடினால் ஒன்றும் வராது, முழுதாகத்தான் அடிக்க வேண்டும். கோடும் சாய்கோடும் போட்ட எண்ணை அது துண்டு துண்டாகப் பார்க்கும், அப்போது உங்கள் குறியின் "24"-க்கு வேறு எத்தனையோ மெயில்கள் வந்து விழும். ஒரே சொல் என்றால் அந்தக் குழப்பம் இல்லை, ஃபைல் பெயரிலும் அப்படியே போடலாம். விண்டோஸில் ஃபைல் பெயருக்குள் சாய்கோடு போட முடியாது என்பதை நினைவில் வையுங்கள்.

குறியை எளிமையாக வையுங்கள். O என்ற எழுத்தையும் 0 என்ற எண்ணையும் குழப்பக்கூடிய இடத்தில் வைக்காதீர்கள். போனில் ஒருவருக்கு வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், அவர் சரியாக எழுதினால் குறி சரி.

## 3. முதல் மெயிலின் சப்ஜெக்ட்

```
INTIMATION | Policy 440200112024118365 | Loss 27NOV2024 | Flood, rice stock, Needamangalam | NDMFL2411
```

பாலிசி எண்ணை அட்டவணையிலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள், ஒட்டிய பிறகு நான்கு நான்கு எண்களாகப் படித்துச் சரிபாருங்கள். பி.டி.எஃப்-இலிருந்து நகலெடுக்கும்போது நடுவில் ஒரு இடைவெளி ஒளிந்து வரும், அதோடு அந்த எண் உடைந்துவிடும்.

தேதியில் மாதத்தை எழுத்தில் போடுங்கள். `05-12-2024` என்றால் ஒருவர் டிசம்பர் 5 என்று படிப்பார், இன்னொருவரின் மென்பொருள் மே 12 என்று எடுத்துக்கொள்ளும். `05DEC2024` என்றால் ஒரே அர்த்தம்தான்.

சப்ஜெக்ட்டை ஆங்கில எழுத்திலேயே வைக்கச் சொல்கிறேன். உள்ளே கடிதத்தை எந்த மொழியிலும் எழுதலாம். ஆனால் சென்னையிலோ வேறு ஊரிலோ உட்கார்ந்து அதைத் தேடப்போகிறவர் ஆங்கிலத்தில்தான் தேடுவார். "URGENT", "Kindly do the needful" மாதிரி வார்த்தைகளுக்கு அங்கே இடம் கொடுக்காதீர்கள், போன் திரையில் தெரிவதே முதல் சில வார்த்தைகள்தான்.

## 4. க்ளெய்ம் எண் வந்ததும் ஒரே ஒரு முறை புது நூல்

இங்கேதான் ரொம்பப் பேர் வழுக்குகிறார்கள். க்ளெய்ம் எண் வந்துவிட்டது, சரி, பழைய மெயிலுக்கே பதில் அடித்துச் சப்ஜெக்ட்டில் அந்த எண்ணைச் சேர்த்துவிடுவோம் என்று செய்வார்கள். அடுத்த வாரம் "சர்வே முடிந்தது" என்று சேர்ப்பார்கள். அதற்கடுத்து "நினைவூட்டல் 2". ஜிமெயில் உரையாடலைச் சேர்த்து வைப்பதற்குச் சப்ஜெக்ட்டும் ஒரு ஆதாரம், அதை மாற்றும் ஒவ்வொரு முறையும் நூல், அதாவது மெயில் த்ரெட், அறுந்து புதிதாக ஒன்று தொடங்கும். மூன்று மாதத்தில் ஒரே க்ளெய்முக்குப் பத்துப் பதினைந்து துண்டு இருக்கும், எதிலும் முழுக் கதை இருக்காது.

சரியான முறை இது. க்ளெய்ம் எண் வந்த அன்றே, தெரிந்தே ஒரு புது நூலைத் தொடங்குங்கள்:

```
Claim 440224005173 | Loss 27NOV2024 | Flood, rice stock, Needamangalam | NDMFL2411
```

அதன் முதல் வரியில், "இன்ன தேதி தகவல் மெயிலின் தொடர்ச்சி, இனி இந்த நூலிலேயே எழுதுவோம்" என்று எழுதுங்கள். பழைய நூலில் ஒரே ஒரு பதில் போட்டு, தொடர்ச்சி எங்கே என்று சொல்லி முடித்துவிடுங்கள். க்ளெய்ம் எண் வரியின் முதலில் இருக்க வேண்டும், கம்பெனிக்காரர் கண்ணில் படுவது அதுதான். உங்கள் குறி கடைசியில் இருந்தால் போதும், அதை நீங்கள்தான் தேடப்போகிறீர்கள்.

இதற்கப்புறம் சப்ஜெக்ட்டைத் தொடவே கூடாது. எந்த நிலையில் இருக்கிறது, எத்தனையாவது நினைவூட்டல் என்பதெல்லாம் மெயிலின் உள்ளே முதல் வரியில் போக வேண்டிய செய்தி.

ஒரு விதிவிலக்கு உண்டு. கம்பெனியின் சிஸ்டம் பதில் அனுப்பும்போது சப்ஜெக்ட்டில் `[SR8841207]` என்பது மாதிரி ஒரு டிக்கெட் எண்ணைச் சேர்க்கும். பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று அதை அழித்துவிடுவார்கள். அழித்தால் உங்கள் பதில் அங்கே பழைய டிக்கெட்டில் சேராமல் புது டிக்கெட்டாக விழும், அதை வேறொருவர் எடுத்து மறுபடி முதலிலிருந்து கேட்பார். அந்த மெயிலுக்கு அப்படியே பதில் போடுங்கள். ஜிமெயிலில் அது தனி நூலாகப் பிரிந்தாலும் பரவாயில்லை, குறி கூடவே இருப்பதால் அடுத்த படியில் சொல்லும் லேபிள் அதைப் பிடித்துக்கொள்ளும்.

நீண்ட க்ளெய்ம்களில் இன்னொன்றும் நடக்கும். ஜிமெயில் ஒரு உரையாடலில் 100 மெயில் தாண்டினால் தானே புது நூலாகப் பிரித்துவிடும். எண்பதைத் தாண்டும்போதே நீங்களாகவே கடைசியில் `PART 2` சேர்த்து அடுத்ததைத் தொடங்கிவிடுங்கள், எங்கே பிரிந்தது என்பது உங்கள் கையில் இருக்கும்.

## 5. லேபிள், வடிகட்டி

ஜிமெயிலில் ஒரு ஃபில்டர் போடுங்கள். "சொற்கள் உள்ளவை" என்ற கட்டத்தில் `NDMFL2411` என்று மட்டும் அடித்து, அதே பெயரில் லேபிள் ஒட்டச் சொல்லுங்கள். சப்ஜெக்ட் கட்டத்தில் போடாதீர்கள். சர்வேயர் தன் வழக்கப்படி "ஆவணங்கள் தேவை" என்று புதுச் சப்ஜெக்ட்டில் எழுதிவிடுவார், ஆனால் அதற்கு நீங்கள் பதில் போடும்போது உள்ளே உங்கள் குறி இருக்கும், அந்த வழியிலாவது பிடிபடும். குறியே இல்லாமல் வந்த மெயிலுக்கு லேபிளைக் கையால் ஒட்டுங்கள், வந்த அன்றே.

## 6. ஒவ்வொரு மெயிலுக்கும் கடித எண்

சப்ஜெக்ட் மெயில்களை ஒன்று சேர்க்கும். எது முன்னால் எது பின்னால், நடுவில் ஏதாவது விடுபட்டதா என்பதைக் கடித எண்தான் சொல்லும். மெயிலின் மேலே இந்தக் கட்டத்தை ஒவ்வொரு முறையும் வையுங்கள்:

```
Ref    : NDMFL2411-L07
Claim  : 440224005173
Policy : 440200112024118365
Re     : Your mail of 12 Dec 2024, items 3 and 5
Encl   : A11, A12
```

`L07` என்பது நீங்கள் அனுப்பும் ஏழாவது கடிதம். குறிக்கும் `L07`-க்கும் நடுவில் கோடு இருப்பதைப் பாருங்கள், அது வேண்டுமென்றே வைத்தது. கோடு இருப்பதால் குறி தனிச் சொல்லாகவே நிற்கும், ஃபில்டர் பிடிக்கும். `NDMFL2411L07` என்று ஒட்டி எழுதினால் அது வேறொரு சொல், தேடினால் வராது.

`Re` வரியை வெறுமனே விடாதீர்கள். சர்வேயர் ஆவணப் பட்டியல் அனுப்பும்போது வரிசை எண் போட்டுத்தான் கேட்பார். அவருடைய எண்ணையே திருப்பிச் சொன்னால் அவர் பட்டியலில் டிக் அடித்துக்கொண்டே போகலாம். வெறும் "கேட்டதை இணைத்துள்ளோம்" என்றால் எது வந்தது எது வரவில்லை என்று அவர் கணக்குப் பார்க்க உட்கார வேண்டும், புயல் மழை சமயத்தில் அவர் கையில் இருக்கும் ஃபைல்களுக்கு நடுவே அது நடக்காது.

இணைப்புகளுக்கு `A01`, `A02` என்று க்ளெய்ம் முழுக்க ஒரே வரிசை. மெயிலுக்கு மெயில் புதிதாக ஒன்றிலிருந்து தொடங்கக் கூடாது. ஃபைல் பெயரில் குறி, இணைப்பு எண், பொருள்:

```
NDMFL2411_A11_StockRegister_Nov2024.pdf
```

திருத்திய நகல் அனுப்பினால் `A11` என்பதை மறுபடி பயன்படுத்தாமல் `A11R1` என்று போட்டு, எதை ஏன் திருத்தினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். ஒரே எண்ணில் இரண்டு வேறு ஸ்டாக் கணக்கு ஃபைலில் கிடந்தால், கணக்கை மாற்றியிருக்கிறார்கள் என்ற சந்தேகம்தான் முதலில் வரும். ஜிமெயிலில் இணைப்பு 25 எம்.பி-க்கு மேல் போகாது, கிடங்குப் படங்களை இரண்டு மூன்று கடிதமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் எண் கொடுங்கள்.

## 7. வாட்ஸப்பில் கேட்டாலும் மெயிலில் பதிவு

"தம்பி, சர்வேயர் சார் வாட்ஸப்லயே அனுப்பச் சொல்லிட்டாரு, திரும்ப மெயில் எதுக்கு?" என்று ஆலைக்காரர் கேட்டார்.

"அவர் கேட்டதை அனுப்புங்கண்ணே, அன்னைக்கே மெயில்லயும் போடுங்க. நாளைக்கு ஃபைல் வேற ஆள் கைக்குப் போனா அவருக்கு உங்க வாட்ஸப் தெரியாதில்ல" என்றேன்.

வாட்ஸப்பில் போனது, போனில் பேசியது, நேரில் கொடுத்தது எல்லாவற்றையும் அதே நாள் ஒரு கடித எண்ணில் மெயிலாக உறுதிப்படுத்துங்கள். "இன்று காலை சர்வேயர் கிடங்கைப் பார்த்தார், நனைந்த மூட்டைகளைத் தனியாக அடுக்கச் சொன்னார், கொள்முதல் பில் கேட்டார்" என்று மூன்று வரி போதும்.

எல்லா மெயிலிலும் கம்பெனியின் க்ளெய்ம் முகவரி நகலில், அதாவது CC-யில், இருக்க வேண்டும். சர்வேயருக்கு மட்டும் போன மெயில் கம்பெனி ஃபைலுக்குப் போய்ச் சேரும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இது ஏன் என்பதை 9-வது படியில் பார்க்கலாம்.

## 8. பதிவேடு

எக்ஸெல்லோ கோடு போட்ட நோட்டோ, ஏதாவது ஒன்று. அனுப்பியது `L`, வந்தது `R`. வந்த மெயிலுக்குள் நீங்கள் எண் எழுத முடியாது, அதனால் இங்கே மட்டும்தான் `R` எண் இருக்கும்.

```
No   Date       With      Matter                Encl     Reply to
R05  12DEC2024  Surveyor  Asks items 1 to 6     -        L06
L07  13DEC2024  Surveyor  Items 3, 5            A11 A12  R05
R06  16DEC2024  Surveyor  Asks purchase bills   -        L07
L08  17DEC2024  Surveyor  Purchase bills        A13      R06
```

கடைசிப் பத்தி முக்கியம். ஒரு `R` எண் அந்தப் பத்தியில் எங்குமே வரவில்லையென்றால் நீங்கள் அதற்குப் பதில் சொல்லவில்லை. ஒரு `L` எண் அங்கே வரவில்லையென்றால் அவர்கள் சொல்லவில்லை, நினைவூட்ட வேண்டியது அது. எண் வரிசையில் `L09` இல்லாமல் `L10` வந்தால் ஒரு மெயில் எழுதி அனுப்பாமல் டிராஃப்ட்டில் கிடக்கிறது என்று அர்த்தம், உடனே போய்ப் பாருங்கள். வருடக் கடைசியில் ஆடிட்டர் க்ளெய்ம் தொகை வரவேண்டிய பாக்கியில் ஏன் நிற்கிறது என்று கேட்டாலும் இந்த ஒரு தாளே போதும்.

சர்வேயர் பட்டியலில் கேட்டது எல்லாம் போய்விட்டதும், அதற்கென்று ஒரு தனிக் கடிதம் எழுதுங்கள். கேட்ட வரிசை எண், அனுப்பிய `A` எண், அனுப்பிய தேதி, மூன்று பத்தியில் அட்டவணை, கீழே "நிலுவையில் ஏதும் இல்லை, இருந்தால் எழுதித் தெரிவிக்கவும்" என்று ஒரு வரி. இழுபறி வரும்போது ஆவணங்கள் எந்தத் தேதியில் முழுமையாகப் போய்ச் சேர்ந்தன என்பதில்தான் பெரும்பாலும் சண்டை நிற்கும். அந்தத் தேதியை எழுத்தில் நிறுத்துவது இந்தக் கடிதம்தான்.

## 9. "வரவில்லை" என்று பதில் வந்தால்

நம் ஆலைக்கு பிப்ரவரியில் கம்பெனியிலிருந்து மெயில் வருகிறது: நவம்பர் ஸ்டாக் ரெஜிஸ்டர் இல்லாததால் க்ளெய்ம் நிலுவை. பதிவேட்டில் பார்த்தால் `A11`, டிசம்பர் 13, `L07`. அந்த மெயிலைத் திறந்தால் பெறுநரில் சர்வேயர் மட்டும், நகலில் யாரும் இல்லை. அவர் அறிக்கையோடு அதை இணைக்கவில்லை என்பது தெரிகிறது. யாரையும் குற்றம் சொல்லிக் காரசாரமாக நாலு பத்தி எழுத வேண்டியதில்லை.

மெயில் பட்டியலில் `L07`-ஐத் தேர்ந்தெடுத்து, "இணைப்பாக அனுப்பு" என்ற வழியில் கம்பெனிக்கு அனுப்புங்கள். சாதாரணமாக ஃபார்வர்ட் செய்தால் தேதியும் பெறுநரும் வெறும் எழுத்தாகத்தான் போகும், யாரும் மாற்றி அடித்திருக்கலாம். இணைப்பாக அனுப்பினால் அது `.eml` ஃபைலாக, `Message-ID` உட்பட அசல் தலைப்பு விவரங்களோடு போகும். மேலே நான்கு வரி போதும்: `L14`, உங்கள் இன்ன தேதி மெயிலுக்குப் பதில், `A11` டிசம்பர் 13 அன்று சர்வேயருக்கு அனுப்பப்பட்டது, அசல் மெயில் இணைப்பில். சர்வேயரை நகலில் போடுங்கள்.

## 10. புகாருக்குத் தனி நூல்

தொகையைக் குறைத்துவிட்டார்கள், மறுத்துவிட்டார்கள், அல்லது பதிலே இல்லை என்றால், கோபத்தை க்ளெய்ம் நூலிலேயே எண்பதாவது மெயிலாகக் கொட்டாதீர்கள். கம்பெனியின் குறைதீர்ப்பு முகவரிக்குப் புது நூல்:

```
GRIEVANCE | Claim 440224005173 | Policy 440200112024118365 | NDMFL2411
```

காரணம் இருக்கிறது. குறைதீர்ப்பாளரான இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் போவதற்கு முன், கம்பெனிக்கு எழுத்தில் முறையிட்டிருக்க வேண்டும். அவர்கள் மறுத்திருக்க வேண்டும், அல்லது ஒரு மாதம் பதில் வராமல் இருந்திருக்க வேண்டும், அல்லது வந்த பதில் திருப்தி இல்லாமல் இருக்க வேண்டும். அங்கே போவதற்கும் ஒரு வருடக் கெடு உண்டு. அந்த ஒரு மாதம் எந்தத் தேதியிலிருந்து என்று யாரும் கேட்காதபடி முறையீடு தனியாகத் தெரிய வேண்டும். க்ளெய்ம் நூலுக்குள் புதைந்த ஒரு காட்டமான வரியை, இது முறையீடு, இது வெறும் நினைவூட்டல் என்று யார் பிரிப்பது?

தனிநபர் பாலிசி மட்டுமல்ல, தனி உரிமையாளர் தொழில், குறு நிறுவனம் ஆகியவற்றின் பாலிசிகளும் ஆம்புட்ஸ்மன் வரம்புக்குள் வரும், நம் ஊர்ச் சின்ன ஆலைகள் பலவும் அதில் அடங்கும். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ-யின் பீமா பரோசா புகார் தளத்தில் பதிவு செய்தால் அங்கே ஒரு டோக்கன் எண் தருவார்கள். அதைச் சப்ஜெக்ட்டில் திணிக்காமல் உள்ளே இருக்கும் கட்டத்தில் ஒரு வரியாகச் சேர்த்து, பதிவேட்டிலும் எழுதுங்கள்.

## 11. மூட்டை கட்டும்போது

முறையீட்டுக்கோ ஆடிட்டுக்கோ கொடுக்கும்போது லேபிளைத் திறந்து, ஒவ்வொரு உரையாடலையும் "எல்லாவற்றையும் அச்சிடு" கொடுத்துப் பி.டி.எஃப் ஆக்குங்கள். படிக்க அது. தகவல் கொடுத்த மெயில், "நிலுவை இல்லை" கடிதம், முறையீடு, கம்பெனியின் மறுப்பு, இந்த நான்கை மட்டும் `.eml` ஆகவும் இறக்கிவையுங்கள், தேதியை யாராவது மறுத்தால் காட்ட. இணைப்புகள் `A` எண் வரிசையில் ஒரு ஃபோல்டர், மேலே பதிவேடு.

பணம் வந்ததும் கடைசியாக ஒரு கடிதம் அனுப்புங்கள். வந்த தொகை, வந்த தேதி, முழுத் தொகையாக ஏற்கிறீர்களா அல்லது குறைத்ததற்கு எதிரான உங்கள் உரிமையை விடாமல் பெறுகிறீர்களா என்பது தெளிவாக. முழுத் தீர்வு என்று எழுதிய டிஸ்சார்ஜ் வவுச்சரில் கையெழுத்துப் போடும் முன்பே இதை எழுதிவிட வேண்டும், பின்னால் எழுதினால் அதற்கு அவ்வளவு வலு இருக்காது. அந்தக் கடித எண்ணையும் பதிவேட்டில் எழுதி, கீழே கோடு போட்டு முடித்துவிடலாம்.